இன்னும் எத்தனை ஹவர் போக வேண்டும்?

வணக்கம் மேடம். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீத அட்டென்டன்ஸ் இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். போன வாரம் போர்ட்டலில் கணிதத்துக்கு 48 ஹவரில் 33 என்று இருந்தது. 48-இல் 75 சதவீதம் 36, அதனால் இன்னும் 3 ஹவர் போனால் போதும் என்று நினைத்தேன். மூன்றுக்கும் போனேன். இன்று பார்த்தால் 70.59 என்று காட்டுகிறது. போர்ட்டல் தப்பா, என் கணக்கு தப்பா? ஆறு பாடத்தின் சதவீதத்தையும் கூட்டி ஆறால் வகுத்தால் 79-க்கு மேல் வருகிறதே, அது போதாதா? செமஸ்டர் முடிய கணிதத்துக்கு இன்னும் 11 ஹவர் இருக்கிறது. அதில் எத்தனைக்குப் போக வேண்டும்? ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு மாணவர்

தம்பி,

போர்ட்டல் சரியாகத்தான் காட்டுகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் கணித வரிசையில் `Conducted` 51, `Attended` 36 என்று இருக்கிறது. 36-ஐ 51-ஆல் வகுத்தால் 0.7059. அதாவது 70.59 சதவீதம். உங்கள் கணக்கில் பெருக்கல், வகுத்தல் எதுவும் பிசகவில்லை. பிசகியது ஓர் இடத்தில்தான்: 36 என்ற இலக்கு, 48 ஹவர் நடந்திருந்தபோது இருந்த இலக்கு. நீங்கள் மேலும் மூன்று வகுப்புக்குப் போனபோது, அந்த மூன்றும் நடந்த வகுப்புகளின் கணக்கிலும் ஏறிவிட்டன. 51-க்கு 75 சதவீதம் 38.25. நீங்கள் 36-ஐ எட்டிய நேரத்தில் கோடு 38.25-க்கு நகர்ந்துவிட்டது.

இதை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் அட்டென்டன்ஸ் குறைந்து என் மேசைக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு வகுப்பு நடந்தால் உங்கள் இலக்கு 0.75 கூடுகிறது. அந்த வகுப்பில் நீங்கள் இருந்தால் உங்கள் கையிருப்பு 1 கூடுகிறது. ஆக, ஒரு முழு ஹவர் உட்கார்ந்து வந்தாலும் பற்றாக்குறையில் அடைபடுவது கால் ஹவர் மட்டும். போன வாரம் உங்களுக்குப் பற்றாக்குறை 3. கால் கால் ஆக அடைத்தால் 3-ஐ அடைக்க 12 ஹவர் வேண்டும். அதில் மூன்று போய்விட்டீர்கள். மிச்சம் 9. இன்றைய எண்களை வைத்துப் போட்டாலும் அதுவேதான் வரும்: 38.25-இல் 36 போனால் 2.25, அதை 0.25-ஆல் வகுத்தால் 9. சரிபார்க்க வேண்டுமா? 36-உடன் 9 சேர்த்தால் 45, 51-உடன் 9 சேர்த்தால் 60. 60-இல் 45 என்பது மிகச் சரியாக 75 சதவீதம்.

நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி இதைவிடச் சுருக்கமானது. சதவீதத்தை விட்டுவிடுங்கள். வராத ஹவர் எத்தனை என்று எண்ணுங்கள். உங்களுக்கு 51-இல் 36 போக 15. 75 சதவீதம் என்றால் என்ன பொருள்? நான்கில் மூன்று வந்திருக்க வேண்டும், ஒன்று வராமல் இருக்கலாம். அதாவது வராத ஒவ்வொரு ஹவருக்கும் வந்த ஹவர் மூன்று இருக்க வேண்டும். 15 ஹவர் வரவில்லையா, 45 ஹவர் வந்திருக்க வேண்டும். 36 இருக்கிறது, 9 குறைகிறது. காகிதம்கூடத் தேவையில்லை, மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 80 சதவீதம் கேட்கும் கல்லூரி என்றால் மூன்றுக்குப் பதில் நான்கால் பெருக்குங்கள். 90 கேட்டால் ஒன்பதால். 85 போன்ற எண்களுக்கு இந்தப் பெருக்கல் முழு எண்ணாக வராது. அதற்கான சூத்திரத்தைப் பின்னால் தருகிறேன்.

வராத ஹவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சதவீதம் தினமும் ஆடும். அது ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றல்ல. இன்றைய நிலையில் அடுத்த கணித வகுப்புக்கு நீங்கள் போனால் 71.15 ஆகும், 0.56 ஏற்றம். போகாவிட்டால் 69.23 ஆகும், 1.36 இறக்கம். இந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பேருக்கு ‘இத்தனை நாள் போயும் ஏறவே மாட்டேன் என்கிறதே’ என்று சோர்வு வந்துவிடுகிறது. வராத ஹவர் அப்படியில்லை. நீங்கள் இனி விடாமல் போனால் செமஸ்டர் கடைசி வரை அது 15-தான். அசையாத எண்ணை வைத்துத் திட்டம் போடுவது எளிது.

அடுத்து, மிச்சமிருக்கும் 11 ஹவர். 9 தேவை, 11 இருக்கிறது, ஆகவே 2 ஹவர் விடலாம் என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். இங்கேதான் நான் உங்களை நிறுத்த வேண்டும். ஒன்றைக்கூட விட முடியாது.

ஏன் என்று பாருங்கள். 11-உம் நடந்து முடிந்தால் மொத்தம் 62 ஹவர். அதில் 25 சதவீதம் 15.5. வராமல் இருக்க அனுமதி 15.5 ஹவர் என்றால், அரை ஹவர் விடுப்பு எடுக்க முடியாது என்பதால், 15 ஹவர். உங்களுக்கு ஏற்கெனவே 15 ஆகிவிட்டது. பதினாறாவது ஹவர் விட்டால் கடைசிக் கணக்கு 62-இல் 46. அது 74.19 சதவீதம். எந்த ஹவரை விட்டாலும், அது நாளையோ கடைசி நாளோ, முடிவு இதேதான். ‘9 போய் 75-ஐத் தொட்டுவிட்டேனே, அப்புறம் விட்டால் என்ன’ என்று கேட்கலாம். 60-இல் 45 என்று தொட்ட அடுத்த நாள் விட்டால் 61-இல் 45, 73.77-க்கு இறங்கிவிடும். கடைசி ஹவருக்குப் போனாலும் 74.19-க்கு மேல் ஏறாது. 9 என்பது இடைவிடாமல் போனால் 75-ஐத் தொடும் நாள் எது என்று சொல்கிற எண். எத்தனை விடலாம் என்பதற்கு அது விடையாகாது. அதற்குச் செமஸ்டர் முடிவில் மொத்தம் எத்தனை ஹவர் ஆகும் என்று தெரிய வேண்டும்; அதில் கால் பங்கு எடுத்து, கீழ் முழு எண்ணாக்கி, வராத ஹவரைக் கழிக்க வேண்டும். உங்கள் கணிதத்துக்கு 15-இல் 15 போக, சுழியம்.

இந்த 11 எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருமுறை பாருங்கள். டைம்டேபிளில் வாரத்துக்கு இத்தனை என்று எண்ணிப் பெருக்கியிருந்தால், அது நடக்கக்கூடிய ஹவர். நடக்கப்போகிற ஹவர் அல்ல. இன்டர்னல் தேர்வு நடக்கும் நாட்கள், கல்லூரி நிகழ்ச்சி, ஆசிரியர் விடுப்பு எல்லாம் அதிலிருந்து கழியும். 2 ஹவர் நடக்காமல் போனால் மொத்தம் 60. உங்கள் 15 அதற்குள் சரியாக அடங்கும். 3 ஹவர் நடக்காமல் போனால் மொத்தம் 59. அதில் கால் பங்கு 14.75, அதாவது 14. உங்களுக்கோ 15. நடந்த எட்டு வகுப்புக்கும் நீங்கள் போயிருந்தாலும் 59-இல் 44, 74.58-இல்தான் நிற்பீர்கள். வகுப்பு ரத்தானால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஷார்ட்டேஜில் இருப்பவருக்கு அது நஷ்டம். ஈடுசெய்ய வேண்டிய இடம் சுருங்குகிறது. அதே போல் ஆசிரியர் கூடுதல் வகுப்பு வைத்தால், அது சனிக்கிழமை மாலையாக இருந்தாலும், உங்களுக்கு லாபம். ஆகவே கணித ஆசிரியரிடம் இந்த வாரமே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், கடைசி வேலை நாளுக்குள் இன்னும் எத்தனை ஹவர் எடுப்பீர்கள்?” அவரிடம் பாடத் திட்டம் இருக்கும், ஏறக்குறைய சரியாகச் சொல்வார்.

இப்போது ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படம் நல்ல படம். நடந்தது, வந்தது, சதவீதம் மூன்றும் தெரிகின்றன. பலர் முகப்புப் பக்கத்தில் இருக்கும் வட்டத்தை மட்டும் படமெடுத்து ‘மேடம், 71 சதவீதம், எத்தனை ஹவர் போகணும்?’ என்று அனுப்புகிறார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 51-இல் 36 என்பதும் 71 என்று காட்டும், 17-இல் 12 என்பதும் 71 என்று காட்டும், இரண்டும் 70.59-தான். ஆனால் 17-இல் 12 வந்தவருக்கு வராதது 5, வேண்டியது 15, இன்னும் 3 ஹவர் போனால் போதும். உங்களுக்கு 9. செமஸ்டர் தொடக்கத்தில் விட்டதை ஈடுசெய்வது எளிது, பிற்பாதியில் அதே சதவீதம் மூன்று மடங்கு கனக்கிறது.

முழு எண்ணாகக் காட்டும் போர்ட்டலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் இனி விடாமல் எட்டு வகுப்பு போனதும் 59-இல் 44 ஆகும். அது 74.58. முகப்பு வட்டம் அதை 75 என்று முழுமையாக்கிக் காட்டலாம். அந்த 75-ஐ நம்பி ஒரு நாள் படுத்துவிட்டால் கதை முடிந்தது. ஷார்ட்டேஜ் பட்டியல் தயாரிக்கும்போது சில இடங்களில் அரைக்கு மேல் இருந்தால் மேலே சேர்த்துக்கொள்கிறார்கள், சில இடங்களில் தசமத்தோடு அப்படியே எடுக்கிறார்கள். உங்கள் துறை எழுத்தில் சொல்லாத வரை 74.58-ஐ 75 என்று எண்ணாதீர்கள்.

படத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மேலே அல்லது கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தேதி. எந்தத் தேதி வரை பதிவேறியிருக்கிறது என்று அது சொல்லும். ஆசிரியர்கள் எல்லோரும் வகுப்பு முடிந்த கையோடு ஏற்றுவதில்லை. இரண்டு மூன்று நாள் சேர்த்து ஏற்றுபவர்களும் உண்டு. நீங்கள் போன 2 ஹவர் இன்னும் ஏறவில்லை என்று வையுங்கள். அப்போது உண்மை நிலை 53-இல் 38. வராதது அதே 15, வேண்டியது அதே 45, குறைவது 7. படத்தில் இருக்கும் 9-ஐயும் டைம்டேபிளில் இருக்கும் மிச்சத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பாமல், எந்தத் தேதி வரை பதிவோ அந்தத் தேதிக்கு அடுத்த நாளிலிருந்து மிச்ச ஹவரை எண்ணுங்கள். இரண்டாவது, வலது ஓரம். கைபேசியில் அட்டவணை முழுதும் தெரியாது, கடைசிப் பத்திகள் வெட்டுப்பட்டுவிடும். பெரும்பாலும் அங்கேதான் ஓ.டி. ஹவர், அதாவது கல்லூரி அனுமதியோடு வெளியே போன ஹவர், இருக்கும். உங்கள் படத்திலும் வலது ஓரத்தில் ஒரு பத்தியின் தலைப்பு பாதியில் நிற்கிறது. போனைக் கிடையாகத் திருப்பி மறுபடி பாருங்கள்.

அந்தப் பத்தி ஓ.டி. என்றால் கணக்கு மாறும், எப்படி மாறும் என்பது கல்லூரியைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, உங்கள் 15-இல் 2 ஹவர் போட்டி ஒன்றுக்குப் போன ஓ.டி. என்று வைப்போம். அதை வந்ததாகச் சேர்க்கும் வழக்கம் இருந்தால் 51-இல் 38. வராதது 13, வேண்டியது 39, குறைவது 1. நடந்த வகுப்பிலிருந்தே அந்த இரண்டையும் நீக்கிவிடும் வழக்கம் இருந்தால் 49-இல் 36. வராதது 13, வேண்டியது 39, குறைவது 3. ஒரே ஓ.டி., ஒரு முறையில் 1 ஹவர், இன்னொரு முறையில் 3 ஹவர். எப்படிப் பார்த்தாலும் 9-ஐவிட எவ்வளவோ மேல். ஓ.டி. கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் பைக்குள் வைத்திருந்து, துறை அலுவலகத்தில் கொடுக்க மறந்த பிள்ளைகளை நான் ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். கொடுத்திருந்தாலும் போர்ட்டலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் நிச்சயம்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பாடத்தின் பெயரைத் தொட்டால் தேதிவாரியான பட்டியல் விரியும். எந்தத் தேதி, எந்த ஹவர், வந்தாரா வரவில்லையா என்று ஒவ்வொன்றாக இருக்கும். அந்த 15 ஆப்சென்ட்டையும் ஒரு தாளில் எழுதி, அந்த நாட்களில் உண்மையில் எங்கே இருந்தீர்கள் என்று யோசியுங்கள். தவறாக விழுந்த ஓர் ஆப்சென்ட்டைத் திருத்தினால் எத்தனை ஹவர் மிச்சமாகும் தெரியுமா? நான்கு. வராதது 14 ஆகிறது, வேண்டியது 42, வந்தது 37, குறைவது 5. ஒன்பதிலிருந்து ஐந்து. வராத பக்கத்தில் ஒன்று குறைவதால் மூன்று மிச்சம், வந்த பக்கத்தில் ஒன்று கூடுவதால் இன்னொன்று. ஒரு வாரம் முழுக்கக் கணித வகுப்பில் உட்கார்ந்து பெறுவதை ஒரே ஒரு திருத்தம் தந்துவிடும்.

தவறு எப்படி விழும் என்றால், பெரும்பாலும் சாதாரணமான வழிகளில்தான். பதிவெண் வரிசையில் ஒருவர் கீழே தள்ளிக் குறித்துவிடுவது. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவரை முதலில் ஆப்சென்ட் போட்டுவிட்டுப் பிறகு மாற்ற மறப்பது. இரண்டு ஹவர் சேர்ந்த வகுப்பில் முதல் ஹவருக்கு மட்டும் பிரசென்ட் ஏறுவது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பு ஆலோசகராக இருந்தபோது ஒரு மாணவி பற்றாக்குறைப் பட்டியலில் வந்தாள். தேதிவாரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஒரு வியாழக்கிழமை மூன்று ஹவர் லேபுக்கு ஆப்சென்ட். அன்று அவள் செய்த பரிசோதனை ரெக்கார்டு நோட்டில் தேதியோடும் ஆசிரியர் கையெழுத்தோடும் இருந்தது. நோட்டைக் காட்டியதும் திருத்திவிட்டார்கள். மூன்று ஹவர் ஆப்சென்ட் பிரசென்ட்டாக மாறினால் 12 ஹவர் குறைகிறது. அவள் பட்டியலிலிருந்தே வெளியே வந்துவிட்டாள். ஆனால் திருத்தம் செய்வதற்குப் பல போர்ட்டல்களில் ஒரு கெடு உண்டு. மாத முடிவில் பதிவைப் பூட்டிவிட்டால் ஆசிரியரே நினைத்தாலும் மாற்ற முடியாமல் மேலே எழுதிப் போட வேண்டியிருக்கும். அதனால்தான் இதை நாளைக்கே செய்யச் சொல்கிறேன். கேட்கும்போது ‘எனக்கு அட்டென்டன்ஸ் குறைகிறது’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘இந்தத் தேதி, இந்த ஹவர், நான் வகுப்பில் இருந்தேன், அன்று எழுதிய நோட்டு இது’ என்று கேளுங்கள். ஆசிரியருக்கும் சரிபார்க்க எளிது.

ஆறு பாடச் சராசரியைப் பற்றிக் கேட்டீர்கள். அது உதவாது, அதற்கு இரண்டு காரணங்கள். உங்கள் கல்லூரி பாடவாரியாகப் பார்க்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் 90 கணிதத்தின் 70.59-க்குக் கை கொடுக்காது. மொத்தமாகப் பார்க்கும் கல்லூரியாக இருந்தாலும் அந்தச் சராசரி தப்பு. உங்கள் படத்தில் ஆங்கிலம் 20 ஹவர்தான் நடந்திருக்கிறது, கணிதம் 51. சதவீதங்களைக் கூட்டி ஆறால் வகுத்தால் 20 ஹவர் பாடமும் 51 ஹவர் பாடமும் சம எடை பெறுகின்றன. அப்படித்தான் உங்களுக்கு 79.56 வந்தது. ஹவர்களைக் கூட்டினால் நடந்தது 215, வந்தது 167, 77.67 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு சதவீத வேறுபாடு. 75-க்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு அந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

தினமும் கையால் போட வேண்டாம் என்றால் ஒரு விரிதாளில் போட்டு வையுங்கள். B பத்தியில் நடந்தது, C-யில் வந்தது, E-யில் செமஸ்டர் முடிய மிச்சமிருக்கும் ஹவர். முதல் சூத்திரம் இன்னும் தொடர்ந்து எத்தனைக்குப் போக வேண்டும் என்று சொல்லும், இரண்டாவது இனி எத்தனை விடலாம் என்று சொல்லும்.

```
=MAX(0, ROUNDUP((75*B2-100*C2)/(100-75), 0))
=INT((B2+E2)*(100-75)/100)-(B2-C2)
```

75-க்குப் பதில் உங்கள் கல்லூரி கேட்கும் எண்ணைப் போட்டால் 85-க்கும் சரியாக வரும். B2-இல் 51, C2-இல் 36, E2-இல் 11 போட்டுப் பாருங்கள். முதலாவது 9, இரண்டாவது 0 என்று வர வேண்டும். இரண்டாவது எதிர்ம எண்ணாக வந்தால், மிச்சமிருக்கும் எல்லா வகுப்புக்கும் போனாலும் எட்டாது என்று பொருள். முதல் எண் மிச்சமிருக்கும் ஹவரைவிடப் பெரிதாக இருந்தாலும் அதே பொருள்தான். எண்களைப் படத்திலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்யும்போது 3-ஐ 8 என்று படித்துவிடாமல், போர்ட்டல் காட்டும் சதவீதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது வேறு. வகுப்புகள் ரத்தாகி மொத்தம் 59-இல் நின்றுவிடும் என்று ஆசிரியர் சொன்னால், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே வகுப்பு ஆலோசகரிடம் போங்கள். பல கல்லூரிகளில் மருத்துவக் காரணத்துக்காகச் சில சதவீதம் வரை விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதை கண்டோனேஷன் என்பார்கள். விட்ட அந்த 15-இல் உண்மையாகவே நோயில் கிடந்த நாட்கள் இருந்தால், மருத்துவர் சான்றிதழின் தேதிகளும் ஆப்சென்ட் தேதிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்து எடுத்துப் போங்கள். தேதி பொருந்தாத சான்றிதழை ஏற்க மாட்டார்கள், அது இருக்கிற நம்பிக்கையையும் கெடுத்துவிடும். விலக்கு கிடைத்தே தீரும் என்று எண்ணி மிச்ச வகுப்புகளை விடவும் கூடாது. அது குறிப்பிட்ட கீழ் எல்லை வரைதான் செல்லும், அந்த எல்லை எது என்பதையும் ஆலோசகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணிதத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படத்தில் நான்காவது வரிசையையும் பாருங்கள். மின்னணுவியலில் 36-இல் 26, அதாவது 72.22. அதுவும் 75-க்குக் கீழேதான். வராதது 10, வேண்டியது 30, குறைவது 4. அந்தப் பாடத்துக்கு இன்னும் 8 ஹவர் நடக்கும் என்றால் மொத்தம் 44, அதில் கால் பங்கு 11. பத்து போய்விட்டது, கையில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றைக் காய்ச்சல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருங்கள்.